‘கல்ஃபுக்கெல்லாம் ஒரே ஸ்டிக்கர்தான்’ என்றார் ஏஜென்ட்

துபாய் வேலைக்குத் தேர்வான ஒரு இன்ஜினியருக்கு எச்.ஆரிடமிருந்து வந்த மெயிலில் இருந்தது இரண்டே வரி: டிகிரி சான்றிதழை அட்டஸ்ட் செய்யுங்கள், 30 நாட்களுக்குள் அனுப்புங்கள். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நேராக ஒரு ஏஜென்ட்டிடம் போய் ஒரிஜினலையும் 14,000 ரூபாயையும் கொடுத்தார். 11-ஆம் நாளே சான்றிதழ் திரும்பி வந்துவிட்டது, பின்பக்கம் பளிச்சென்று ஒரு ஸ்டிக்கரோடு. ஸ்கேன் செய்து அனுப்பினார். நான்கு நாள் கழித்து ‘இது செல்லாது’ என்று பதில் வந்தது.

ஒட்டியிருந்தது அப்போஸ்டில், அதாவது சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் ஸ்டிக்கர். அது போலி அல்ல, அசல்தான். ஆனால் ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டுமே அது செல்லும். வளைகுடாவில் ஓமனும் பஹ்ரைனும் பல ஆண்டுகளாக அதில் இருக்கின்றன. சவூதிக்கு 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அமீரகம், கத்தார், குவைத் மூன்றுக்கும் பழைய வழிதான்: மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷன், அந்த நாட்டுத் தூதரகம், கடைசியாக அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். அப்போஸ்டிலில் தூதரகப் படியே கிடையாது. அதனால் ஏஜென்ட்டுக்கு வேலை குறைவு, பணம் மட்டும் முழுசு. இத்தனைக்கும் அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். சாதாரண அட்டஸ்டேஷனுக்கு அரசுக் கட்டணமே இல்லை. விண்ணப்பத்தை வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டிக்கரின் தலைப்பில் அப்போஸ்டில் என்ற சொல்லும், அதன் கீழே பிரெஞ்சில் 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் ஒப்பந்தத்தின் பெயரும், அதற்குக் கீழே எண் போட்ட பத்து வரிகளும் இருந்தால் அது அப்போஸ்டில். அமீரக வேலைக்கு அந்தத் தலைப்போடு சான்றிதழ் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

சிக்கல் அதோடும் முடியவில்லை. முதல் படியை ஏஜென்ட் தமிழ்நாட்டு உயர்கல்வித் துறையில் செய்யவே இல்லை, டெல்லியில் எஸ்.டி.எம்., அதாவது சப்-டிவிஷனல் மாஜிஸ்ட்ரேட்டின் முத்திரை வாங்கியிருந்தார். எஸ்.டி.எம். வழி வேகமானது, பல்கலைக்கழகத்திடம் உண்மைத்தன்மைச் சான்று வாங்கும் அலைச்சல் இல்லை. ஆனால் இந்தக் கம்பெனிக்கு எச்.ஆர்.டி. முத்திரை, அதாவது மாநில உயர்கல்வித் துறையின் முத்திரைதான் வேண்டுமாம். (கம்பெனியின் எச்.ஆர். வேறு, மாநில அரசின் எச்.ஆர்.டி. வேறு. போனில் பேசும்போது இது தினமும் குழம்புகிறது.) ஆக, பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. கெடு அங்கேயே போய்விட்டது.

எனவே ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்ட அன்றே, ஏஜென்ட்டைப் பார்க்கும் முன்பே, எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். போனில் கேட்ட பதிலுக்குச் சாட்சி இருக்காது. ‘என்ன நடைமுறை?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்:

“விசா எந்த நாட்டுக்கு? அப்போஸ்டில் போதுமா, தூதரக முத்திரை வேண்டுமா? மாநில எச்.ஆர்.டி. கட்டாயமா, எஸ்.டி.எம். ஏற்பீர்களா? டிகிரி மட்டுமா, மதிப்பெண் பட்டியலுமா? அங்கே வெளியுறவு அமைச்சக முத்திரையை உங்கள் பி.ஆர்.ஓ. வாங்குவாரா, நான் வாங்க வேண்டுமா? செலவு யாருடையது?”

கெடுவைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். 30 நாள் என்பது ஆஃபர் தேதியிலிருந்தா, மெயில் வந்த நாளிலிருந்தா? அதற்குள் தூதரக முத்திரை முடிந்திருக்க வேண்டுமா, அல்லது அட்டஸ்டேஷன் வேலையைத் தொடங்கியதற்கான ரசீது போதுமா? பல கம்பெனிகள் ரசீதைப் பார்த்தால் கூடுதல் நாள் தரும், கேட்காதவருக்குத் தராது. பல்கலைக்கழகம் எத்தனை நாள் எடுக்கும் என்பது உங்கள் கையிலும் இல்லை, ஏஜென்ட் கையிலும் இல்லை. அங்கே விண்ணப்பித்த தேதியோடு எச்.ஆருக்கு எழுதிவிடுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கென்றே இன்னொரு தலைவலி, இனிஷியல். டிகிரியில் பெயருக்கு முன் ஒரே எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் ஆகியிருக்கும். இரண்டின் ஸ்கேனையும் அதே மெயிலில் இணைத்து, ‘இருவரும் ஒருவரே’ என்ற பிரமாணப் பத்திரத்தை ஏற்பார்களா என்று கேளுங்கள். முத்திரையெல்லாம் விழுந்த பிறகு இது கிளம்பினால் இன்னொரு சுற்று அலைய வேண்டும்.

சான்றிதழ் லேமினேட் செய்யப்பட்டிருந்தால் அதன் மேல் முத்திரை விழாது. அதைப் பிரித்தெடுக்கும் வேலையை ஏஜென்ட்டின் ஆபீஸ் பையனிடம் விடாதீர்கள். கிழிந்தால் டூப்ளிகேட் வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்.