0 முதல் 5 வரை எண்ண: ஜேகே ஃபிளிப்-ஃபிளாப்பா, டி ஃபிளிப்-ஃபிளாப்பா?

மேலூர்ப் பக்கம் ஒரு கபடிக் குழுவுக்கு ஆட்ட நேரம் காட்டும் பலகை செய்து கொடுக்க வேண்டியிருந்தது. நிமிடமும் நொடியும் ஓட வேண்டும், அணி டைம்-அவுட் கேட்டால் அப்படியே நிற்க வேண்டும், திரும்ப விசில் அடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இதில் நொடியின் பத்தாம் இலக்கம் 0 முதல் 5 வரை எண்ணித் திரும்ப 0-க்கு வருகிற சின்ன கவுண்டர். அதை ஜேகே ஃபிளிப்-ஃபிளாப்பில் செய்வதா, டி ஃபிளிப்-ஃபிளாப்பில் செய்வதா என்பதுதான் கேள்வி. ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐ, நினைவில் வைத்துக்கொண்டு கிளாக் வரும்போது மாறும் சுற்றுதான் ஃபிளிப்-ஃபிளாப்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் கூடவே உட்கார்ந்து வயரிங் செய்தான். "டி-னா ஒரு இன்புட்தான் மாமா, ஜேகே-னா ரெண்டு. வேலை இரட்டிப்பு ஆகாதா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் ஜேகே பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஐசி எண்ணிக்கையில் இரண்டும் சமம். மூன்று ஃபிளிப்-ஃபிளாப் தேவை. 7476-இல் இரண்டு ஜேகே, 7474-இல் இரண்டு டி. எப்படிப் பார்த்தாலும் இரண்டு ஐசி, ஒரு ஃபிளிப்-ஃபிளாப் மிச்சம். விலையிலும் பேச ஒன்றுமில்லை. வித்தியாசம் அவற்றுக்கு முன்னால் வரும் கேட்களில்தான்.

அது எங்கிருந்து வருகிறது என்று எக்ஸைட்டேஷன் டேபிளைப் பார்த்தால் தெரியும். வெளியீடு Q-விலிருந்து அடுத்த மதிப்பான Q+-க்குப் போக இன்புட்டில் என்ன தர வேண்டும் என்று சொல்வது அது:

```
Q → Q+    J K    D
0 → 0     0 X    0
0 → 1     1 X    1
1 → 0     X 1    0
1 → 1     X 0    1
```

டி-க்கு ஒவ்வொரு வரியிலும் கட்டாய விடை உண்டு. ஜேகே-யில் ஒவ்வொரு வரியிலும் ஒரு X, அதாவது டோன்ட் கேர். வெளியீடு 0-வாக இருக்கும்போது K எதுவாக இருந்தாலும் சரி, ஏற்கெனவே 0-வில் இருப்பதை மறுபடி 0 ஆக்கினால் ஒன்றும் மாறாது. 1-ஆக இருக்கும்போது J-க்கு அதே கதை. இப்போது மூன்று ஃபிளிப்-ஃபிளாப்பின் வெளியீடுகளுக்கு Q2, Q1, Q0 என்று பெயர் வைத்து நம் கவுண்டரின் எட்டு நிலைகளையும் எழுதுவோம். 110, 111 இரண்டும் எண்ணிக்கையில் வராதவை, அதனால் அங்கே எல்லாமே X:

```
Q2Q1Q0   J2K2   J1K1   J0K0
000      0X     0X     1X
001      0X     1X     X1
010      0X     X0     1X
011      1X     X1     X1
100      X0     0X     1X
101      X1     0X     X1
110      XX     XX     XX
111      XX     XX     XX
```

இங்கே மருமகனுக்கு ஒரு கணக்குக் காட்டினேன். நிலைக்கு ஒரு கட்டமாக வரைந்து சமன்பாட்டைச் சுருக்க உதவுவது கார்னோ மேப், இன்புட்டுக்கு ஒன்று. ஜேகே-க்கு ஆறு கார்னோ மேப், மொத்தம் 48 கட்டம். அதில் 30 கட்டம் X, கட்டாயமாக 0 அல்லது 1 வர வேண்டியவை 18. டி-க்கு மூன்று மேப், 24 கட்டம், அதில் X வெறும் 6, கட்டாயமானவை அதே 18. ஆக, நாம் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை இரண்டிலும் ஒன்றுதான். ஜேகே-யில் அதே 18 நிபந்தனையும் இரண்டு மடங்கு பெரிய இடத்தில் விரிந்து கிடக்கின்றன, அதனால் பெரிய பெரிய குழுக்களாக வளைத்துப் பிடிக்க முடிகிறது. மேப் வரைகிற வேலை கூடும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு மேப்பும் பார்த்த மாத்திரத்தில் விடை சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு K2. அதன் மேப்பில் எட்டுக் கட்டத்தில் ஆறு X. மிச்சம் 100-இல் 0, 101-இல் 1. இரண்டையும் பிரிப்பது Q0 மட்டும்தான், ஆகவே K2 = Q0. J1 மட்டும் கொஞ்சம் பிடிவாதக்காரன். 001-இல் 1 வேண்டும், 101-இல் 0 வேண்டும். ஐந்துக்குப் பிறகு இரண்டாவது பிட் எழும்பக் கூடாது என்பதற்கான காவல் அந்த ஒரு 0-தான். அதனால்தான் அங்கே Q2', அதாவது Q2-இன் எதிர்மாறு, சேர்கிறது. முழு விடை:

```
J0 = 1         K0 = 1
J1 = Q2'·Q0    K1 = Q0
J2 = Q1·Q0     K2 = Q0
```

இரண்டே இரண்டு ஆண்ட் கேட். Q2' தனியாக உண்டாக்க வேண்டாம், 7476-இன் காலிலேயே கிடைக்கிறது. டி-யில் இதே கவுண்டர்:

```
D0 = Q0'
D1 = Q2'·Q1'·Q0 + Q1·Q0'
D2 = Q1·Q0 + Q2·Q0'
```

J-யையும் K-யையும் சேர்த்துக் கட்டி டி-க்குப் பதில் டி-ஃபார்-டாகிள் வகையாக, அதாவது T ஆகப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். T1 = Q2'·Q0 என்று நன்றாகவே வரும். ஆனால் T2 = Q0·(Q1 + Q2) என்று ஒரு ஆர் கேட் கூடிவிடும். இரண்டு காலையும் கட்டிப்போட்டதும் X-களும் போய்விடுகின்றன, அதற்கான விலை அது.

இதுவரை பார்த்தால் டி-யின் தோல்வி பெரிய தோல்வி இல்லை. நான்கைந்து கேட் கூடுதல், அவ்வளவுதான். எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: நிறுத்துவது.

பலகையில் எல்லா ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் ஒரே கிளாக், நொடிக்கு ஒன்று. பத்தாம் இலக்கம் பத்து கிளாக்கில் ஒன்பது முறை சும்மா இருக்க வேண்டும். ஒன்றாம் இலக்கம் 9-இல் நிற்கும்போது மட்டும், அதுவும் டைம்-அவுட் இல்லாதபோது மட்டும், நகர வேண்டும். இந்த அனுமதிக்கு E என்று பெயர் வைப்போம். கிளாக்கையே கேட் போட்டு நிறுத்தலாம், ஆனால் சுவிட்ச் திரும்புகிற தருணத்தில் அரைகுறைப் பல்ஸ் ஒன்று உள்ளே போகும் அபாயம் உண்டு. அதனால் கிளாக்கைத் தொடாமல் இன்புட்டில் நிறுத்துவதே முறை.

ஜேகே-யில் J, K இரண்டும் 0 என்றால் இருந்த இடத்தில் இருக்கும். எனவே எல்லா J, K-யையும் E-யோடு ஆண்ட் செய்தால் முடிந்தது. அதையும் ஆறு இடத்தில் செய்யத் தேவையில்லை. மேலே உள்ள விடையில் J0, K0 தவிர எல்லா இடத்திலும் Q0 வருகிறது. ஆகவே P = E·Q0 என்று ஒரு கேட் போட்டு, Q0 இருந்த இடத்தில் எல்லாம் P-யை வைத்தால் போதும்:

```
P  = E·Q0
J0 = E         K0 = E
J1 = Q2'·P     K1 = P
J2 = Q1·P      K2 = P
```

மூன்று ஆண்ட் கேட். E-யை உண்டாக்க இன்னொன்று. ஒன்றாம் இலக்கத்தில் 8-க்கான பிட்டும் 1-க்கான பிட்டும் சேர்ந்து 1 ஆவது 9-இல் மட்டும்தான், 10 முதல் 15 வரை வரவே வராது என்பதால் மற்ற இரண்டு பிட்டைப் பார்க்க வேண்டாம். அங்கும் டோன்ட் கேர்தான் உதவுகிறது. ஒன்றாம் இலக்கத்துக்கும் இதே போன்ற P ஒன்று ஏற்கெனவே இருக்கும், டைம்-அவுட் சுவிட்சும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதோடு 8-க்கான பிட்டை ஆண்ட் செய்தால் E தயார். நான்கு கேட், ஒரே ஒரு 7408, ஒரு கால்கூட வீணில்லை.

டி ஃபிளிப்-ஃபிளாப்புக்கு 'சும்மா இரு' என்ற நிலையே கிடையாது. ஒவ்வொரு கிளாக்கிலும் பழைய மதிப்பை நாமே திரும்ப ஊட்ட வேண்டும். அதே P-யை வைத்து எவ்வளவு சுருக்கினாலும்:

```
D0 = E ⊕ Q0
D1 = Q1·P' + Q2'·Q1'·P
D2 = Q2·P' + Q1·P
```

ஆண்ட், ஆர், எக்ஸார் என்று மூன்று வகை கேட் வந்துவிட்டது. நேண்ட் கேட்டாக மாற்றி எழுதினால் ஐசி குறையும், ஆனாலும் ஒரே 7408-க்குள் வராது. பழுது பார்க்கும்போதும் இந்த வித்தியாசம் தெரியும். கிளாக்கைக் கையால் ஒவ்வொன்றாகக் கொடுத்து லாஜிக் புரோபை வைக்கும்போது, ஜேகே-யில் J காலைத் தொட்டால் 'எழும்பச் சொல்கிறதா', K காலைத் தொட்டால் 'விழச் சொல்கிறதா' என்று நேராகப் பதில் வரும். பிட் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை என்றால் K-க்கு வரும் ஒரே வயரைப் பார்த்தால் போதும். D காலில் 1 இருந்தால், அது புதிதாக எழச் சொல்கிறதா, பழையதைப் பிடித்து வைக்கிறதா என்று அறிய ஆர் கேட்டின் இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

ஜேகே எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய சாதாரண 7476 மாஸ்டர்-ஸ்லேவ் வகை. கிளாக் உயர்ந்திருக்கும் நேரம் முழுவதும் அதன் J, K கால்கள் விழித்திருக்கும். அப்போது ஒரு கணம் 1 வந்து போனாலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் டைம்-அவுட் சுவிட்சைத் தட்டினால், மாஸ்டர் ஏற்கெனவே 'நகரு' என்று முடிவெடுத்துவிட்டிருக்கும், ஆகவே நிறுத்திய பிறகும் ஓர் எண் கூடும். அடையாளம் இதுதான்: சில தடவை சரியாக நிற்கும், சில தடவை ஒன்று தாண்டி நிற்கும். 555-இல் சாதாரணமாகக் கட்டும் கிளாக்கில் உயர்ந்த பகுதிதான் நீளமானது என்பதால் இது அடிக்கடி நடக்கும். வயரிங்கில் தவறு தேடிப் பயனில்லை. எல்எஸ் வகை 7476 வாங்கினால் கிளாக் இறங்கும் கணத்தில் மட்டும் பார்க்கும், பிரச்சினை இல்லை. கடையில் வாங்கும்போது ஐசியின் மேல் எழுத்தைப் படித்து வாங்குங்கள். ஒன்று மட்டும்: கிளாக் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பதால், நிறுத்தித் தொடங்கும்போது ஒரு நொடிக்குள் முன்பின் ஆகும். கிராமத்து ஆட்டத்துக்கு அது போதும், அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் வேகமான கிளாக்கிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும்.

X போட்ட இடங்களை அப்படியே மறந்துவிடக் கூடாது. குழுவாக வளைத்த கணமே அந்த X ஒரு 0 ஆகவோ 1 ஆகவோ முடிவாகிவிட்டது. கரண்ட் வந்ததும் கவுண்டர் 110-இல் எழுந்தால் என்ன ஆகும் என்று விடையில் போட்டுப் பாருங்கள். E வரும்போது Q0 மட்டும் புரண்டு 111 ஆகும். அடுத்த முறை J2, K2 இரண்டும் 1, K1-உம் 1, ஆகவே மூன்றும் விழுந்து 000. தானாகவே வழிக்கு வந்துவிடுகிறது. டி-யிலும் 110, 111, 100 என்று உள்ளே வந்துவிடும், இந்த விஷயத்தில் இரண்டும் தேறின. ஆனால் பத்தாம் இலக்கம் என்பதால், வழிக்கு வருவதற்குள் பலகை இருபது நொடி வரை 60, 70 என்று காட்டும். அதனால் ஒரு ரெசிஸ்டரும் கபாசிட்டரும் வைத்து, கரண்ட் வரும்போது கிளியர் காலைச் சற்று நேரம் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். பிரீசெட் கால்களை அந்தரத்தில் விடாமல் 5 வோல்ட்டோடு கட்டிவிடுங்கள்.

டி எங்கே சரி? எஃப்பிஜிஏ-வில் எழுதுகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். உள்ளே இருப்பவை டி ஃபிளிப்-ஃபிளாப்தான், பெரும்பாலும் எனேபிள் காலும் கூடவே இருக்கும், நான் இவ்வளவு நேரம் சொன்ன காரணம் அங்கே செல்லாது. சீமாஸ் வகை 4027 ஜேகே-யை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. கிளாக் ஏறும்போது அது மாறும், ரீசெட் கால் 1-இல் வேலை செய்யும், ஆகவே 7476-இன் வரைபடத்தை அப்படியே அதற்கு மாற்ற முடியாது. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் 7474 கேட்டவுடன் எடுத்துத் தருவார்கள், எல்எஸ் 7476-க்கு இரண்டு மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருக்கலாம். கிடைக்கவில்லை என்றால் எல்எஸ் 7473 வாங்கலாம். பிரீசெட் கால் இருக்காது, இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. ஆனால் அதில் 5 வோல்ட் 4-ஆம் காலுக்கும், கிரவுண்ட் 11-ஆம் காலுக்கும் போக வேண்டும். 7408-ஐப் போல 14, 7 என்று கட்டிவிடாதீர்கள்.