மயூர் விஹாரிலிருந்து மலை மந்திருக்கு: குறைந்த நிலையங்களா, குறைந்த மாற்றங்களா?

தில்லி மெட்ரோவின் வரைபடத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு வழி தேடுபவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் நிலையங்களை எண்ணுவார்கள். மற்றவர்கள் எத்தனை முறை ரயில் மாற வேண்டும் என்று பார்ப்பார்கள். இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தரும் என்று பலர் நம்புகிறார்கள். மயூர் விஹார்-1 நிலையத்தில் ஏறி, மலை மந்திர் முருகன் கோயிலுக்குச் செல்ல வசந்த் விஹாரில் இறங்கும் பயணத்தில் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகிறது.

மாற்றங்களைக் குறைக்க விரும்புகிறவர் நிலையங்களை விட்டுவிட்டு வண்ணக் கோடுகளை மட்டும் பார்க்க வேண்டும். புறப்படும் நிலையத்தில் நீலக் கோடும் இளஞ்சிவப்புக் கோடும் செல்கின்றன. இறங்கும் இடம் மெஜந்தா கோட்டில் உள்ளது. நீலமும் மெஜந்தாவும் நேரடியாகச் சந்திப்பதால் ஒரே மாற்றம் போதும். ஆனால் அவை பொட்டானிக்கல் கார்டன், ஜனக்புரி வெஸ்ட் ஆகிய இரண்டு இடங்களில் சந்திக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். புறப்படும் நிலையத்தை விட்டு எண்ணினால், முன்னதன் வழியாக 23 நிலையங்கள். பின்னதன் வழியாகத் தில்லியின் மேற்குக் கோடிவரை போய்த் திரும்பி 29 நிலையங்கள். மாற்றங்களை மட்டும் எண்ணும் முறைக்கு இவ்விரண்டும் சமம்தான். ஆகவே மாற்றங்கள் சமமாகும்போது நிலையங்களை எண்ண வேண்டும் என்ற இரண்டாவது விதி இல்லாமல் இந்த முறையைக் கையாளக் கூடாது.

நிலையங்களை எண்ணுகிறவர் வேறொரு வழியைக் கண்டுபிடிப்பார். இளஞ்சிவப்புக் கோட்டில் ஏறி, சராய் காலே கான், ஆசிரமம், வினோபாபுரி, லாஜ்பத் நகர், சவுத் எக்ஸ்டென்ஷன் கடந்து ஆறாவதாக வரும் தில்லி ஹாட்-ஐ.என்.ஏ.வில் இறங்க வேண்டும். அங்கிருந்து மஞ்சள் கோட்டில் மூன்றாவது நிலையம் ஹவுஸ் காஸ். பிறகு மெஜந்தாவில் நான்காவது வசந்த் விஹார். மொத்தம் 13 நிலையங்கள், இரண்டு மாற்றங்கள். லாஜ்பத் நகரில் ஊதாக் கோட்டுக்கு மாறி, கல்காஜி மந்திரில் மெஜந்தாவைப் பிடித்தாலும் இரண்டு மாற்றங்கள்தான், ஆனால் 17 நிலையங்கள்.

இவற்றுள் எது மேல் என்பதற்கு வரைபடத்தில் விடை கிடையாது. ஒரு மாற்றத்துக்கு எத்தனை நிலையங்களின் விலை என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நிலையத்துக்கு இரண்டு நிமிடம், மாற்றத்துக்கு ஐந்து நிமிடம் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், பொட்டானிக்கல் கார்டன் வழி 51 நிமிடம், ஐ.என்.ஏ. வழி 36 நிமிடம். கூடுதலாக வரும் அந்த ஒரு மாற்றத்துக்கு 20 நிமிடம் ஆனால்தான் இரண்டும் சமமாகும். ஹவுஸ் காஸில் மெஜந்தா நடைமேடை சுமார் 29 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் இறங்கவும் நடக்கவும் நேரமாகும் என்பது உண்மை. ஆனாலும் எனக்கு 20 நிமிடம் ஆனதில்லை. ஆகையால் நான் ஐ.என்.ஏ. வழியையே தேர்வு செய்கிறேன். முழங்கால் வலியுள்ள என் அத்தைக்கு மட்டும் பொட்டானிக்கல் கார்டன் வழியைத்தான் சொல்வேன். அவருக்கு ஒரு மாற்றத்தின் விலை பத்து நிலையங்களுக்கும் மேல்.

படத்தின் வயது இந்தக் கணக்கையே மாற்றிவிடும். லாஜ்பத் நகரிலிருந்து மயூர் விஹார் வரையிலான இளஞ்சிவப்புப் பகுதி 2018 டிசம்பர் 31 அன்றுதான் திறக்கப்பட்டது. மெஜந்தாவோ அதே ஆண்டு மே மாதத்திலேயே ஜனக்புரி வெஸ்ட் வரை ஓடத் தொடங்கிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் அச்சான வரைபடத்தைப் படமெடுத்திருந்தால், நிலையங்களை எண்ணுகிறவர் இரண்டு மாற்றங்களுக்கு மேல் போகாவிட்டால், ராஜீவ் சவுக், ஹவுஸ் காஸ் வழியாக 20 நிலையங்கள், இரண்டு மாற்றங்கள் என்ற விடையே கிடைக்கும். அதற்கு ஆகும் நேரம் 50 நிமிடம். பொட்டானிக்கல் கார்டன் வழிக்கு 51. ஒரு நிமிட வித்தியாசத்துக்காக யாரும் ராஜீவ் சவுக் நெரிசலில் இறங்கி ரயில் மாற மாட்டார்கள். அந்தப் படத்தில் மாற்றங்களை எண்ணும் முறையே சரி; இன்றைய படத்தில் அது 15 நிமிட நஷ்டம்.

வண்ணத்தால் வரும் பிழை இதைவிட மோசமானது. நிலையத்தின் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இளஞ்சிவப்பும் மெஜந்தாவும் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். இரண்டையும் ஒரே கோடாக எடுத்துக்கொண்டால், மயூர் விஹாரிலிருந்து வசந்த் விஹாருக்கு மாற்றமே தேவையில்லை என்ற விடை வந்துவிடும். மாற்றங்களை எண்ணுகிறவரையே இந்தப் பிழை அதிகம் ஏமாற்றும். ஏனெனில் அவர் கோடுகளை மட்டுமே பார்க்கிறார். நிலையம் நிலையமாக விரலை வைத்து எண்ணிக்கொண்டு போகிறவருக்கோ, ஹவுஸ் காஸுக்கு வர வேண்டிய விரல் அதற்கு வடக்கே ஐ.என்.ஏ.வைத் தொட்டதுமே தவறு புலப்பட்டுவிடும். எந்த முறையைப் பின்பற்றினாலும், தொடங்கும் முன் கோட்டை அதன் இறுதி நிலையம்வரை ஒருமுறை தொடர்ந்து பாருங்கள். மயூர் விஹாரிலிருந்து வடகிழக்கே போகும் கோடு ஷிவ் விஹாரில் முடிந்தால் அது இளஞ்சிவப்பு. வசந்த் விஹாரிலிருந்து கிழக்கே போகும் கோடு பொட்டானிக்கல் கார்டனில் முடிந்தால் அது மெஜந்தா.