ஒரே சாம்பார் அண்டா, மூன்று கிரேடு

சமையலறைச் சுகாதாரப் படிவத்தைச் சரிபார்த்து கிரேடு போட மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. எது நல்லது என்று பார்க்க, ஒரே சமையலறையை மூன்றிலும் வைத்துப் பார்ப்போம். டியூப் லைட்டுக்குக் கவர் இல்லை, புகைபோக்கியில் பிசுக்கு. இவை சின்னக் குறைகள். மூன்றாவதுதான் பெரியது. ஃபிரிட்ஜில் வைப்பதற்காக ஆறவிட்ட சாம்பார் அண்டாவில் தெர்மாமீட்டரை விட்டால், சூடு 60 டிகிரிக்கு இறங்கி 2 மணி நேரம் கழித்தும் 41 டிகிரி காட்டுகிறது.

நியூயார்க் நகரில் தவறுக்குத் தவறு புள்ளி கூட்டுவார்கள். 0 முதல் 13 வரை ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி. சாம்பார் மாதிரியான வெப்பநிலைத் தவறுக்குக் குறைந்தது 7, சின்னக் குறைகளுக்குக் குறைந்தது தலா 2. அந்தக் குறைந்தபட்சப் புள்ளிகளே விழுந்தால் மொத்தம் 11. வாசலில் ஏ தொங்கும்.

இங்கிலாந்தில் 5 தான் உச்ச மதிப்பீடு. உணவு கையாளுதல், கட்டடம், நிர்வாகத்தின் மீதான நம்பிக்கை என்று மூன்று தலைப்பில் தனித்தனியாகப் புள்ளி போடுவார்கள். அங்கேயும் புள்ளி ஏறினால் கெடுதல்தான். கையாளுதலுக்கு 10, கட்டடத்துக்கு 5, நிர்வாகத்துக்கு 0 என்றால் மொத்தம் 15. மொத்தத்தை மட்டும் பார்த்தால் 5 கிடைக்க வேண்டும். ஆனால் 5 வாங்க எந்தத் தலைப்பிலும் 5 புள்ளியைத் தாண்டக் கூடாது. அதனால் 4 தான்.

நம் ஊர் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்எஸ்எஸ்ஏஐயின் கேட்டரிங் படிவத்தில் 114 மதிப்பெண். 100 தொட்டாலே ஏ பிளஸ். சூடான உணவு 60 டிகிரியிலிருந்து 21க்கு 2 மணி நேரத்திலும், அங்கிருந்து 5க்கு அடுத்த 2 மணி நேரத்திலும் இறங்க வேண்டும். இந்த வரிக்கு நட்சத்திரக் குறி உண்டு, 4 மதிப்பெண். சின்னக் குறைகளுக்குத் தலா 2 போனாலும் மீதி 106. ஆனாலும் ஏ பிளஸ் கிடையாது. நட்சத்திர வரி ஒன்று தவறினாலே 'இணக்கமில்லை' என்றுதான் முடியும்.

என் ஓட்டு நட்சத்திரத்துக்குத்தான். இரண்டு மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்த சாம்பாரைப் பளபளக்கும் தரை ஈடுகட்டாது. அதனால் எக்செல்லில் கிரேடு போடுகிறவர்கள் முதலில் நட்சத்திர வரிகளைப் பாருங்கள், கூட்டலை அப்புறம் செய்யுங்கள்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. ஒரு நட்சத்திரம் தவறியவருக்கும் ஆறு தவறியவருக்கும் ஒரே முடிவுதான். அந்த வித்தியாசத்தைத் தவறிய வரிகளின் பட்டியல்தான் சொல்ல முடியும். அதில் 'குளிர்விப்பு சரியில்லை' என்று எழுதினால் சமையல்காரருக்கு ஒன்றும் புரியாது. 'சாம்பார், ஆழமான அண்டா, 2 மணி நேரத்தில் 41 டிகிரி. இருக்க வேண்டியது 21. அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றவும்' என்று எழுதினால், அன்று மாலையே தட்டை எடுத்து வைப்பார்.