ஏழாம் வாய்ப்பாடு: ஏழேழாகக் கூட்டுவதா, கட்டம் போடுவதா?

தருமபுரியில் மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறவர்கள் ஏழில் வந்து நிற்கிறார்கள். போச்சம்பள்ளி வாரச் சந்தை இன்று என்றால், இன்னும் எட்டு வாரம் கழித்து வரும் சந்தைக்கு எத்தனை நாள்? இந்த எண்ணேழில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதல் வழி, ஏழேழாக விரல்விட்டு எண்ணுவது. ஏழேழு நாற்பத்தொன்பது வரை சரியாக வந்துவிடுவார்கள். அப்புறம் நாற்பத்தொன்பதையே முதல் விரலாக வைத்து எண்ணினால் 55 வரும், அடுத்தது 62 ஆகிவிடும். விடைகள் எல்லாம் ஒன்று ஒன்று குறைந்தே வந்தால் தவறு இங்கேதான் நடந்திருக்கிறது.

இரண்டாவது வழி, பத்தைக் கூட்டி மூன்றைக் கழிப்பது. 49, 59, 56. விரலே வேண்டாம். 63 வரை போகும்போது இரண்டே இடத்தில்தான் கடன் வாங்க வேண்டியிருக்கும்: 21-லிருந்து 31 போய் 28, 42-லிருந்து 52 போய் 49. பிள்ளைகள் தடுக்கி விழுவதும் அந்த இரண்டு படிகளில்தான். அவற்றை மட்டும் தனியாகச் சொல்லிப் பழக்கினால் போதும்.

மூன்றாவது, கட்டம். மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, வலது மேல் மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக 1, 2, 3 எழுதுங்கள். நடு வரிசையில் 4, 5, 6. இடது வரிசையில் 7, 8, 9. இவை ஒன்றாம் இட எண்கள். பிறகு பத்தாம் இடத்தை இடமிருந்து வலமாக 0, 1, 2. 2, 3, 4. 4, 5, 6 என்று முன்னால் சேர்த்தால்:

07 14 21
28 35 42
49 56 63

வரி முடியும் இடங்களைப் பாருங்கள், அதே 21, அதே 42. கூட்டிய பத்தைக் கடனாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதால்தான் அடுத்த வரியும் அதே பத்தாம் இட எண்ணில் தொடங்குகிறது. எண்ணேழு கடைசி வரியின் நடுவில் இருக்கிறது: 56.

எழுத்துத் தேர்வுக்குக் கட்டம் நல்லது, மறந்த விடையை ஓரத்தில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். வாய்க்கணக்குக்கு அது மெதுவு. அதற்கு நான் சொல்வது இரண்டாவது வழியைத்தான், அதுவும் ஐயேழு முப்பத்தைந்திலிருந்து தொடங்கச் சொல்வேன். 35, 42, 49, 56 என்று மூன்றே தாவலில் எண்ணேழு வந்துவிடும்.

ஒன்பது ஏன் எளிது என்பதும் இதிலேயே தெரிகிறது. அங்கே பத்தைக் கூட்டி ஒன்றைத்தான் கழிக்கிறோம், 90 வரை கடனே இல்லை. எட்டொன்பது என்றால் எட்டில் ஒன்று குறைத்து 7, ஒன்பதுக்கு மீதி 2, ஆக 72. இந்தச் சுருக்கு வழி பத்து ஒன்பது தொண்ணூறு வரைதான். 11-ஐ ஒன்பதால் பெருக்கினால் 99. அதன் இலக்கங்களின் கூட்டல் 18, ஒன்பது அல்ல.