இந்தி வாய்ஸ் நோட்டைத் தமிழில் ஒரே வரியாக்குவது: மூன்று வழிகள், ஒரு நேவி லாட்

திருப்பூர் பனியன் கம்பெனி எதிலும் இது அன்றாடம் நடப்பதுதான். லைனில் இருக்கும் இந்திக்காரத் தொழிலாளி முக்கால் நிமிட நீளத்தில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புவார். அதைக் கேட்ட சூப்பர்வைசர், மேனேஜர் படிக்கும் குரூப்பில் தமிழில் ஒரே ஒரு வரி போட வேண்டும். அந்த வரியை உருவாக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. எல்லாவற்றையும் எழுதி, மொழிபெயர்த்து, பிறகு வெட்டுவது ஒன்று. முதலில் இந்தியிலேயே சுருக்கிவிட்டு, சுருங்கியதைத் தமிழாக்குவது இன்னொன்று. எதையும் எழுதாமல் கேட்டுப் புரிந்துகொண்டு நேராகத் தமிழில் எழுதுவது மூன்றாவது. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் சறுக்குகிறது. எந்த இடத்தில் என்று பார்க்க, இப்படி ஒரு நோட் வியாழக்கிழமை காலை வந்ததாக வைத்துக்கொள்வோம்:

“ஹான் பையா, வோ... வோ ஜோ ப்ளூவாலா லாட் ஹை நா, க்யா கெஹ்தே ஹைன், நேவி... உஸ்மே நா, மத்லப், டேட் ஸௌ பீஸ், நஹீன் நஹீன், டாயி ஸௌ, டாயி ஸௌ பீஸ் மே நெக் கா ஜோ ரிப் ஹை, ஷேட் தோடா அலக் ஆ ரஹா ஹை. மாஸ்டர் போலே சலேகா. பர் முஜே... பதா நஹீன். தோ ரோக் கே ரக்கா ஹை, கல் ஸே. ஆப் ஏக் பார் தேக் லேதே தோ... பாக்கி சல் ரஹா ஹை.”

அதாவது: நேவி நிற லாட்டில் 150, இல்லை இல்லை, 250 பீஸில் கழுத்துப் பட்டையான ரிப்பின் ஷேட் கொஞ்சம் வேறாக வருகிறது. மாஸ்டர் ஓட்டலாம் என்றார். ஆனால் எனக்கு... தெரியவில்லை. அதனால் நேற்றிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு முறை பார்த்தால்... மீதி நடக்கிறது.

இதில் மூன்று வகைத் தயக்கம் இருக்கிறது. ‘வோ’, ‘நா’, ‘மத்லப்’, ‘க்யா கெஹ்தே ஹைன்’ எல்லாம் நம் ‘வந்து’, ‘என்னன்னா’ போல வெறும் இழுவை. அவற்றை யோசிக்காமல் எடுத்துவிடலாம். ‘நஹீன் நஹீன்’ அப்படியல்ல. அது திருத்தம். முன்னால் சொன்ன எண்ணை அழித்துவிட்டுப் பின்னால் வருவதை வை என்கிறது. ‘பர் முஜே... பதா நஹீன்’ என்பதோ சந்தேகம். காதுக்கு இழுவை போலவே கேட்டாலும் செய்தியின் பாதி அங்கேதான் இருக்கிறது. மாஸ்டர் பரவாயில்லை என்ற பிறகும் இவர் பீஸை நிறுத்தியதற்குக் காரணம் அதுதான். ஒரு வழி நல்லதா கெட்டதா என்பது இந்த மூன்றையும் அது பிரித்தறிகிறதா என்பதைப் பொறுத்தது.

முழுக்க எழுதி, பிறகு வெட்டுவது

திருத்தம் கண்ணுக்குத் தெரிவது இந்த வழியின் பெரிய பலம். ‘டேட் ஸௌ, நஹீன் நஹீன், டாயி ஸௌ’ என்று தாளில் இருக்கும்போது 150-ஐ அடித்துவிட்டு 250-ஐ எடுப்பது எளிது. கேட்டு மட்டும் எழுதுபவருக்கு முதலில் விழுந்த எண் மனதில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் இந்தி எண்ணில் நமக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. ‘தோ’ என்றால் இரண்டு, ‘ஸௌ’ என்றால் நூறு என்று மட்டும் தெரிந்தவருக்கு ‘டாயி ஸௌ’வில் பிடிகொம்பே இருக்காது. டேட் ஒன்றரை, டாயி இரண்டரை. ‘ஸவா ஸௌ’ 125, ‘பௌனே தோ ஸௌ’ 175, ‘ஸாடே தீன் ஸௌ’ 350. ‘பௌனே தோ’வில் ‘தோ’ காதில் விழுந்தவுடன் இருநூறு என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ‘பச்சீஸ்’ 25, ‘பசாஸ்’ 50 என்பதும் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒன்றாகவே கேட்கும்.

பலவீனம் நேரம். பழகிய கைக்கே ஒலியின் நீளத்தைப் போல நாலைந்து மடங்கு ஆகும். முக்கால் நிமிட நோட்டுக்கு மூன்று, நான்கு நிமிடம் போய்விடும். நாளுக்கு முப்பது நோட் வரும் இடத்தில் இது நடக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, சொல்லுக்குச் சொல் தமிழாக்கும்போது வருகிறது. இதே நோட்டில் ‘சல்’ இரண்டு முறை வருகிறது. ‘மாஸ்டர் போலே சலேகா’ என்றால் ‘பரவாயில்லை, ஓட்டலாம்’ என்று மாஸ்டர் சொன்னார். ‘பாக்கி சல் ரஹா ஹை’ என்றால் மீதி வேலை நடந்துகொண்டிருக்கிறது. முழு எழுத்தை வரிவரியாக மாற்றுபவர் இரண்டுக்கும் ‘ஓடும், ஓடுகிறது’ என்று போட்டுவிட்டால், வெட்டும் கட்டத்தில் எது யார் சொன்னது என்பது கலங்கிவிடும்.

எழுதும் வேலையை மெஷினிடம் கொடுப்பவர்களும் உண்டு. Whisper போன்ற ஒலியெழுத்து மென்பொருளுக்குக் கட்டளை இவ்வளவுதான்:

```
whisper note.ogg --language Hindi --task transcribe
```

நேரம் மிச்சமாகும். ஆனால் அது இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் தானாகவே விழுங்கும் பழக்கம் உள்ளது. ‘பர் முஜே... பதா நஹீன்’ போன்ற முறிந்த வாக்கியங்களும் அதோடு போகலாம். நீண்ட மௌனம் வந்தால் யாரும் சொல்லாத வரியைப் போட்டுவிடுவதும் உண்டு. `--model medium --task translate` போட்டால் தமிழ் வராது, ஆங்கிலம்தான் வரும். அங்கிருந்து தமிழுக்கு வருவது இரண்டு தாவல். ஆகவே மெஷின் கொடுத்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒலியை ஒரு முறையாவது கேட்கத்தான் வேண்டும்.

இந்தியிலேயே சுருக்கிவிட்டுத் தமிழாக்குவது

காகிதத்தில் பார்த்தால் இதுதான் புத்திசாலித்தனமான வழி. இழுவையை உதறி, திருத்தத்தை ஏற்றி, சுத்தமான ஒரு இந்தி வரி எடுத்துக்கொண்டால் மொழிபெயர்க்க ஒரு வரிதான். ஆனால் நடைமுறையில் இதை நான் கடைசியாகத்தான் வைப்பேன். காரணம் ‘கல்’.

இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல். எது என்பதை வினைதான் காட்டுகிறது. ‘ரோக் கே ரக்கா ஹை, கல் ஸே’ என்னும்போது நிறுத்தி வைத்தாயிற்று, எனவே நேற்றிலிருந்து. சுருக்குபவர் இதை ‘டாயி ஸௌ பீஸ் கல் ஸே பந்த்’ என்று குறுக்கியவுடன் வினை போய்விட்டது. ‘நேற்றிலிருந்து நிற்கிறது’ என்றும் படிக்கலாம், ‘நாளையிலிருந்து நிறுத்து’ என்றும் படிக்கலாம். தமிழாக்குபவர் வேறு ஆளாக இருந்தாலோ, அதே ஆள் அரை மணி கழித்துப் பார்த்தாலோ, பாதிக்குப் பாதி தவறும். ‘பர்ஸோன்’ என்பதிலும் இதே கதைதான். முந்தாநாளும் அதுதான், நாளை மறுநாளும் அதுதான்.

இரண்டாவது இழப்பும் உண்டு. இந்தியில் சுத்தம் செய்யும்போது ‘மாஸ்டர் நே கஹா’ என்று ஒரு சாதாரண வாக்கியமாகிவிடும். நம் மொழியில் பிறர் சொன்னதைத் தூரத்தில் நிறுத்திச் சொல்ல ‘ஆம்’ என்ற விகுதி இருக்கிறது. ‘மாஸ்டர் ஓட்டலாம் என்றார்’ என்று சூப்பர்வைசர் எழுதினால் தானே கேட்டதுபோல் ஆகும். ‘என்றாராம்’ என்று எழுதினால் இது கேள்விப்பட்டது, மாஸ்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று மேனேஜருக்குப் புரியும். ஒரு எழுத்துக்கு இவ்வளவு வேலை. இந்தி வரியை மட்டும் பார்த்து எழுதுபவருக்கு அந்த ‘ஆம்’ போடத் தோன்றுவதில்லை.

கேட்டு, நேராகத் தமிழில் எழுதுவது

வேகம் இதில்தான். தொனியும் இதில்தான் தங்கும். ‘தேக் லேதே தோ...’ என்று குரல் இறங்கி நிற்பதைக் கேட்டவருக்கு, அது ‘பார்த்தால் நன்றாயிருக்கும்’ என்ற வேண்டுகோள் என்று உடனே புரியும். எழுத்தில் அது முடியாத வாக்கியம், அவ்வளவுதான்.

ஆபத்து, இல்லாததைச் சேர்ப்பது. இந்த நோட்டைக் கேட்டு ‘இன்றே வந்து பார்க்கவும்’ என்று எழுதத் தோன்றும். நோட்டில் ‘இன்று’ இல்லை. அவசரம் நம் மனதில் உள்ளது, அனுப்பியவர் வாயில் இல்லை. அதேபோல ‘நேவி துணி ஷேட் மாறுது’ என்று சுருக்குவதும் தவறு. மாறியிருப்பது கழுத்து ரிப். துணி என்று போட்டால் மேனேஜர் பாடி துணி ரோலைத் தேடிப் போவார். ரிப் என்று போட்டால் அந்த ரிப் எந்தச் சாய லாட்டில் வந்தது என்று பார்ப்பார்.

எண்ணுக்கும் நாளுக்கும் மட்டும் முதல் வழியைக் கடன் வாங்கினால் இந்த மூன்றாம் வழிதான் அன்றாடத்துக்குச் சரி. முதல் முறை சாதாரண வேகத்தில் முழுக்கக் கேட்க வேண்டும். 2x-இல் கேட்டால் இடைவெளிகள் நசுங்கி, சந்தேகமாகச் சொன்னது உறுதியாகச் சொன்னதுபோல் கேட்கும். இரண்டாம் முறை, எண்ணும் ‘கல்’லும் வரும் இடங்களில் மட்டும் நிறுத்தி, காதில் விழுந்த இந்திச் சொல்லை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்: டேட் ஸௌ (அடித்தது), டாயி ஸௌ, கல் + ரக்கா ஹை. பிறகு ஒலியை மூடிவிட்டு எழுத வேண்டும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதினால் அவர் பேசிய வரிசையிலேயே நம் வரியும் அமைந்துவிடும். மேனேஜருக்கு வேண்டிய வரிசை வேறு: எந்த லாட், எத்தனை, என்ன கோளாறு, இப்போது என்ன நிலை, என்ன முடிவு வேண்டும்.

முதலில் இப்படி வரும்: ‘நேவி லாட்டில் 250 பீஸ் நெக் ரிப் ஷேட் மாறுது. நேற்றிலிருந்து நிறுத்தி இருக்கு. மாஸ்டர் ஓட்டலாம் என்றாராம், ஆனால் இவருக்குச் சந்தேகம். வந்து பார்க்கச் சொல்றாரு. மீதி ஓடுது.’ பிழை இல்லை, ஆனால் ஐந்து வாக்கியம். ‘நேற்று’ என்பது வெள்ளிக்கிழமை படித்தால் வியாழனாகிவிடும், ஆகவே கிழமை. ‘மீதி ஓடுது’ என்பதை எண்ணுக்குப் பின்னால் ‘மட்டும்’ என்ற ஒரு சொல் தாங்கிவிடும். மாஸ்டர் சரி என்றும் பீஸ் நிற்கிறது என்றால் சந்தேகம் தானாகவே தெரிகிறது. எஞ்சுவது:

‘நேவி லாட்டில் 250 பீஸ் மட்டும் நெக் ரிப் ஷேட் மாறுவதால் புதன் முதல் நிற்கிறது, மாஸ்டர் ஓட்டலாம் என்றாராம், வந்து பார்த்துச் சொல்லவும்.’

எப்போது முதல் வழிக்கே திரும்ப வேண்டும்? சம்பளக் கணக்கு, காயம், ஒருவர் மேல் ஒருவர் புகார் என்று வந்தால். அங்கே ‘பதா நஹீன்’ எந்த இடத்தில் சொன்னார் என்பதுகூடப் பின்னால் கேள்வியாகும். ஒரு வரி போட்டாலும் முழு எழுத்தையும், ஒலிக்கோப்பையும் வைத்திருக்க வேண்டும்.

மற்றவற்றுக்கு, வரியைக் குரூப்பில் போடுமுன் அனுப்பியவருக்கே சுருக்கமாக ஒரு கேள்வி போதும்: “டாயி ஸௌ, புத்வார் ஸே, டீக்?” ‘கல் ஸே?’ என்று கேட்டால் அவர் ‘ஹான்’ என்பார், நமக்கு ஒன்றும் தெளியாது. கிழமையைச் சொல்லிக் கேட்டால்தான், புதன் இல்லை என்றால் அவர் மறுக்க முடியும்.