பாலாற்று ஓடை: ஸ்கிப் இல்லாமலும், ஸ்கிப்போடும்

வேலூர் பக்கம் பாலாற்று மணலில் 20 மீட்டர் அகல நீரோடை என்று வையுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டர். ஓடை இரண்டே பிக்சல். எந்தப் பிக்சல் நீர், எது மணல் என்று ஒரு நியூரல் நெட்வொர்க் குறிக்க வேண்டும்.

ஸ்கிப் என்பது சுருக்கும் பகுதியான என்கோடரிலிருந்து, மறுபடி பெரிதாக்கும் பகுதியான டிகோடருக்கு நேராகப் போகும் இணைப்பு. அது இல்லாத என்கோடர்-டிகோடர் 256×256 படத்தை நான்கு முறை பாதியாக்கி 16×16 ஆக்குகிறது. இப்போது ஒரு கட்டம் 160 மீட்டர். அதில் தண்ணீர் உண்டு என்று தெரியும். எந்த ஓரத்தில் என்பது பெரும்பாலும் தொலைந்திருக்கும். மறுபடி பெரிதாக்கும்போது ஓடை தடித்துவிடும், அல்லது நடுவில் அறுந்துவிடும்.

ஸ்கிப் உள்ள யூ-நெட், சுருக்குவதற்கு முன்பிருந்த 256×256 அம்சங்களை டிகோடரின் அதே அளவு அடுக்கோடு சேர்த்து ஒட்டுகிறது. 'எது' என்பது கீழிருந்தும் 'எங்கே' என்பது பக்கவாட்டிலும் வருவதால் கரை கூர்மையாக நிற்கிறது. என் தேர்வு இதுதான்.

மொத்தத் துல்லியத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் படம் முழுக்க மணல். நீருக்கு மட்டும் ஐஓயூ பாருங்கள்; கணித்த நீர்ப்பகுதியும் உண்மையான நீர்ப்பகுதியும் எவ்வளவு ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதன் அளவு அது. ஒரு பிக்சலுக்குள்ளேயே மணலோடு கலந்துபோன வாய்க்காலை ஸ்கிப்பும் மீட்காது.