குளிர்காலத்தில் இட்லி மாவு: ஓவன் விளக்கா, ஹீட்டர் பக்கமா?

டொராண்டோ ஜனவரியில் வீட்டுக்குள் சுமார் 20 டிகிரிதான் இருக்கும். மாவு பொங்க 28 முதல் 32 வரை வேண்டும்.

சூடு: ஓவனை மூட்டாமல் விளக்கை மட்டும் போட்டுக் கதவைச் சாத்தினால் சூடு ஏறக்குறைய சீராக நிற்கும். பழைய குண்டு பல்பாக இருக்கணும், எல்இடி சூடாக்காது. ஹீட்டர் அணைந்து எரிவதால் அதன் பக்கம் சூடு ஏறி இறங்கும்.

நேரம்: ஓவனில் சுமார் 12 மணி நேரம், ஹீட்டர் பக்கம் ஒரு நாள்கூட ஆகலாம்.

தொல்லை: பல்பை ஒட்டி வைத்தால் அந்தப் பக்கம் மாவு காய்ந்து, சீக்கிரம் புளிக்கும், கீழ்த்தட்டில் வையுங்கள். பாதிப் பாத்திரம் காலியாக இருக்கட்டும், வழிந்தால் ஓவனைக் கழுவுவது பெரும்பாடு. ஹீட்டர் பக்கம் வைத்தால் கம்பளி சுற்றி, அடியில் பலகை போடுங்கள்.

காலையில் இட்லி வேண்டுமென்றால் ஓவன். ஓவன் அடிக்கடி சமையலுக்குத் தேவைப்படும் வீட்டில் ஹீட்டர் பக்கம். முந்தைய நாளே அரைத்துவிடணும்.